“5 p.m. PT” என்றால் நமக்கு எத்தனை மணி? வெளியீட்டு நேரங்களைப் படிக்க ஒரு வழிகாட்டி

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் கடைசி எபிசோட் 2025 டிசம்பர் 31 அன்று, பசிபிக் நேரப்படி மாலை 5 மணிக்கு நெட்ஃபிளிக்ஸில் வெளியாகும் என்று அறிவிக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலீஸில் இருந்தவருக்கு அது ஆண்டின் கடைசி மாலை. லண்டனில் இருந்தவருக்கு ஜனவரி 1 அதிகாலை 1 மணி, இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 6.30, சிங்கப்பூரில் காலை 9, சிட்னியில் நண்பகல் 12. எபிசோட் வெளியானது ஒரே நொடியில்தான். ஆனால் “டிசம்பர் 31” என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு அன்று மாலை 5 மணிக்குத் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்த இந்திய ரசிகர், பதின்மூன்றரை மணி நேரம் முன்னதாகவே வந்து அமர்ந்துவிட்டார்.

வெளிநாட்டு அறிவிப்பைப் படித்துத் தம் ஊர் நேரத்தைக் கண்டுபிடிக்க முயலும் புதியவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். கணக்கு கூட்டல் கழித்தல் அளவுக்கு எளியதுதான். பிழைகள் பெரும்பாலும் கணக்கில் நேர்வதில்லை; கணக்குப் போடுவதற்கு முன்பே, அறிவிப்பைப் படிக்கும் இடத்தில் நேர்கின்றன. ஆகவே முதல் இரண்டு படிகளில் சற்று நிதானமாக நிற்க வேண்டும்.

முதல் படி: ஒரே நொடியா, ஊருக்கு ஊர் நள்ளிரவா?

வெளியீடுகள் இரண்டு வகைப்படும். முதல் வகையில், உலகம் முழுவதற்கும் ஒரே நொடியில் கதவு திறக்கும். அந்த நொடி ஒவ்வொரு ஊரின் கடிகாரத்திலும் வேறு எண்ணாகத் தெரியும். இரண்டாவது வகையில், ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த நாட்டின் நள்ளிரவு வரும்போது கதவு திறக்கும். இந்த இரண்டாவது வகையில் நியூசிலாந்துக்காரர்களுக்கு முதலிலும் அமெரிக்க மேற்குக் கரையினருக்குக் கடைசியிலும் கிடைக்கும். வீடியோ கேம் ரசிகர்கள் சிலர் தங்கள் கன்சோலின் நாட்டை நியூசிலாந்து என்று மாற்றிவைத்துக்கொண்டு முன்கூட்டியே விளையாடத் தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? அறிவிப்பில் மணியோடு நேர மண்டலத்தின் பெயரும் இருந்தால், அதாவது “5 p.m. PT” என்பதுபோல் இருந்தால், அது ஒரே நொடி. “local time” என்ற சொற்கள் இருந்தால் அது ஊருக்கு ஊர் மாறும் வெளியீடு. அதற்குக் கணக்கே தேவையில்லை, அறிவிப்பில் உள்ள மணி அப்படியே உங்கள் மணி. கேம் நிறுவனங்கள் பெரும்பாலும் உலக வரைபடம் ஒன்றில் நகரங்களின் பெயர்களையும் அவற்றின் நேரங்களையும் பொறித்து வெளியிடுகின்றன. அதில் எல்லா நகரங்களுக்கும் “12 a.m.” என்றே இருந்தால் இரண்டாவது வகை, நகரத்துக்கு நகரம் எண் மாறினால் முதல் வகை. ஒரே கேம் கன்சோலில் உள்ளூர் நள்ளிரவுக்கும், கணினியில் ஒரே நொடியிலும் வெளியாவது உண்டு என்பதால், வரைபடத்தில் உங்கள் கருவிக்கு உரிய பகுதியைத்தான் பார்க்கிறீர்களா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தேதி மட்டும் இருந்து மணியே இல்லாவிட்டால், அந்தச் சேவையின் வழக்கத்தை அறிந்திருக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தத் தயாரிப்புகளைப் பொதுவாகப் பசிபிக் நேர நள்ளிரவு 12 மணிக்கு உலகெங்கும் ஒன்றாக வெளியிடுகிறது. மேலே சொன்ன மாலை 5 மணி அந்த வழக்கத்துக்கு ஒரு விதிவிலக்கு. ஆகவே வழக்கத்தை நம்பலாம், ஆனால் மணி குறிப்பிட்ட அறிவிப்பு ஒன்று கிடைத்தால் அதையே பின்பற்ற வேண்டும். பிற நிறுவனங்களிடம் உரிமம் வாங்கிக் காட்டப்படும் படங்களுக்கு இந்த வழக்கம் பொருந்தாது. அவற்றின் உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்கப்படுவதால், ஒரு நாட்டில் வெளியாகும் நாளில் இன்னொரு நாட்டில் வெளியாகாமலே போகலாம்.

புதிய பொருள்களின் அறிமுகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அறிமுக விழாவின் நேரம் வேறு, முன்பதிவு தொடங்கும் நேரம் வேறு, கடைக்கு வரும் நாள் வேறு. ஆப்பிள் நிறுவனத்தின் 2025 செப்டம்பர் விழா 9ஆம் தேதி, பசிபிக் நேரம் காலை 10 மணிக்கு நடந்தது. ஐஃபோன் 17 முன்பதிவு 12ஆம் தேதி, பசிபிக் நேரம் காலை 5 மணிக்குத் தொடங்கியது. விழாவையும் முன்பதிவையும் ஒரே நொடி என்ற கணக்கில் மாற்றிக்கொள்ளலாம். கடைக்கு வரும் நாளை அப்படி மாற்றக் கூடாது. கடை எப்போது திறக்கிறதோ அப்போதுதான் விற்பனை என்பதால், அது எப்போதும் உள்ளூர்த் தேதி.

இரண்டாம் படி: எழுத்துகளைப் படிப்பது

பசிபிக் நேரத்துக்கு மூன்று சுருக்கங்கள் புழங்குகின்றன. PST என்பது குளிர்காலத்துக்குரிய இயல்பு நேரம். உலகப் பொது நேரமான யுடிசிக்கு 8 மணி நேரம் பின்தங்கியது. PDT என்பது கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைக்கால நேரம். 7 மணி நேரம் பின்தங்கியது. வெறும் PT என்று எழுதினால், “அன்றைக்கு லாஸ் ஏஞ்சலீஸ் கடிகாரம் எதைக் காட்டுகிறதோ அது” என்று பொருள். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் இதே கதைதான்: EST 5 மணி நேரம், EDT 4 மணி நேரம், ET என்றால் அன்றைக்கு நியூயார்க் கடிகாரம்.

இங்கேதான் புதியவர்கள் முதலில் இடறுகிறார்கள். ஜூலை மாத வெளியீடு ஒன்றுக்கு “9 a.m. PST” என்று போஸ்டரில் போட்டிருப்பார்கள். எழுத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் 8 மணி நேர வேறுபாடு. ஆனால் ஜூலையில் லாஸ் ஏஞ்சலீஸில் யாருடைய கடிகாரமும் PST-யைக் காட்டாது. போஸ்டர் எழுதியவர் PST என்பதைப் “பசிபிக் நேரம்” என்ற பொதுப்பொருளில்தான் எழுதியிருப்பார். ஆகவே கோடையில் PST என்றோ EST என்றோ கண்டால், நடுவெழுத்தைக் கண்டுகொள்ளாமல் PT, ET என்றே படியுங்கள். இத்தனை ஆண்டுகளில் இந்த வழியில் நான் ஏமாந்ததில்லை.

லண்டனிலிருந்து வரும் அறிவிப்பில் GMT என்று இருந்தால் இவ்வளவு துணிவாகச் சொல்ல முடியாது. GMT என்பது லண்டனின் குளிர்கால நேரம், யுடிசிக்குச் சமம்; கோடையில் லண்டன் கடிகாரம் BST-யில் ஓடும். அது GMT-யைவிட ஒரு மணி நேரம் முன்னே. எழுதியவர் பழக்கத்தால் GMT என்று போட்டிருக்கலாம். பல நாட்டினருக்கும் புரியட்டும் என்று உண்மையான GMT-யையே போட்டும் இருக்கலாம். அப்போது அதே அறிவிப்பில் வேறு மண்டலத்தின் நேரமும் இருக்கிறதா என்று பாருங்கள். “9 a.m. PT / 12 p.m. ET / 5 p.m. GMT” என்று கோடையில் வந்திருந்தால், காலை 9 PDT என்பது 16.00 யுடிசி, லண்டன் கடிகாரத்தில் மாலை 5. ஆக எழுதியவர் GMT என்று சொல்லி BST-யைத்தான் குறித்திருக்கிறார். பசிபிக் நேரத்துக்கும் கிழக்கு நேரத்துக்கும் இடையில் 3 மணி நேரமும், பசிபிக் நேரத்துக்கும் லண்டனுக்கும் இடையில் ஆண்டின் பெரும்பகுதியில் 8 மணி நேரமும் இருக்க வேண்டும். அறிவிப்பில் உள்ள எண்களுக்கிடையே இந்த இடைவெளி இல்லாவிட்டால் ஏதோ ஒன்று தவறாக அச்சாகியிருக்கிறது.

சில சுருக்கங்கள் இரண்டு மூன்று நாடுகளுக்குப் பொதுவானவை. IST என்பது இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்தின் கோடைக்கும் பொது; CST அமெரிக்காவின் நடுப்பகுதிக்கும் சீனாவுக்கும் பொது. சீன நிறுவனத்தின் கைபேசி அறிமுகத்தில் CST என்றிருந்தால் அது யுடிசிக்கு 8 மணி நேரம் முன்னே இருப்பது. சிகாகோவின் குளிர்கால நேரம் என்று எடுத்துக்கொண்டால் 14 மணி நேரம் பிழைக்கும். அறிவித்தவர் எந்த நாட்டவர் என்பதைப் பார்த்தாலே இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: யுடிசி வழியாக மாற்றுவது

“அமெரிக்காவுக்கும் நமக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம்” என்று ஒரே எண்ணை மனப்பாடம் செய்துகொள்வது பலரின் வழக்கம். அந்த எண் எந்தக் கரைக்கு, எந்தப் பருவத்துக்கு என்பது சில மாதங்களில் மறந்துவிடும். நடுவில் யுடிசி என்ற நிலையத்தில் இறங்கி ஏறுவது கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் வழி தவறாது. யுடிசிக்குக் கோடைக்கால மாற்றம் கிடையாது. அது என்றும் அசையாமல் நிற்கும்.

முறை இதுதான். அறிவித்தவரின் மண்டலம் யுடிசிக்கு எத்தனை மணி நேரம் பின்தங்கியிருக்கிறதோ அதை அறிவித்த மணியோடு கூட்டுங்கள். 24-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ 24-ஐக் கழித்துவிட்டுத் தேதியை ஒரு நாள் முன்னே தள்ளுங்கள். பிறகு உங்கள் மண்டலத்தின் வேறுபாட்டைக் கூட்டி, மீண்டும் 24-ஐப் பாருங்கள். தேதியையும் கிழமையையும் ஒவ்வொரு வரியிலும் எழுதுவது முக்கியம். மணியை மட்டும் மாற்றிவிட்டுத் தேதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பெரும்பாலும் அது விட்டுப்போகும்.

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் ஐந்தாம் பாகத்தின் முதல் தொகுதி 2025 நவம்பர் 26, புதன்கிழமை, பசிபிக் நேரம் மாலை 5 மணிக்கு வெளியானது. நவம்பர் இறுதியில் அமெரிக்காவில் கோடைக்கால நேரம் முடிந்திருக்கும். ஆகவே 8 மணி நேரம். மாலை 5 என்பது 17. அதனோடு 8-ஐக் கூட்டினால் 25. 24-ஐக் கழித்தால் 1. ஆக, நவம்பர் 27, வியாழன், 01.00 யுடிசி. இந்தியாவும் இலங்கையும் ஐந்தரை மணி நேரம் முன்னே. எனவே வியாழன் காலை 6.30. துபாய் 4 மணி நேரம் முன்னே, காலை 5. சிங்கப்பூரும் மலேசியாவும் 8 மணி நேரம் முன்னே, காலை 9. லண்டன் குளிர்காலத்தில் யுடிசியோடு ஒன்றியே இருப்பதால் அதிகாலை 1. டொரன்டோவுக்கு 5-ஐக் கழிக்க வேண்டும். அங்கே இன்னும் புதன் இரவு 8 மணிதான்.

இப்படித் தேதியோடு கணக்கிடப் பழகியவர், “வெளியீடு ஒரு நாள் முன்னதாக நடக்கும்” என்ற செய்தியைக் கண்டு ஏமாற மாட்டார். 2023இல் டிஸ்னி பிளஸ் தன் ‘அசோகா’ தொடரின் தொடக்கத்தை ஆகஸ்ட் 23 என்பதிலிருந்து ஆகஸ்ட் 22, பசிபிக் நேரம் மாலை 6 மணிக்கு மாற்றியது. ஒரு நாள் முன்னே என்றுதான் செய்தி வந்தது. ஆனால் முந்தைய வழக்கமோ பசிபிக் நேர நள்ளிரவு; அதாவது ஆகஸ்ட் 23, 07.00 யுடிசி. புதிய நேரம் ஆகஸ்ட் 23, 01.00 யுடிசி. முன்னே வந்தது ஆறு மணி நேரம் மட்டுமே. இந்தியாவில் அது ஆகஸ்ட் 23 பகல் 12.30 என்பதிலிருந்து அதே நாள் காலை 6.30-க்கு நகர்ந்தது, சிங்கப்பூரில் பிற்பகல் 3-லிருந்து காலை 9-க்கு. தேதி உண்மையில் மாறியது அமெரிக்கக் கண்டத்தினருக்குத்தான். செய்தியை நம்பி ஆகஸ்ட் 22 காலையில் தேடியவர்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது.

கணினியில் கட்டளை தட்டும் பழக்கம் உள்ளவர்கள், லினக்ஸில் இந்த ஒரு வரியால் விடையைச் சரிபார்க்கலாம். சுருக்கத்தைத் தராமல் நகரத்தின் பெயரைத் தருவதால், கோடைக்கால நேரத்தைக் கணினியே பார்த்துக்கொள்ளும்:

```
TZ="Asia/Kolkata" date -d 'TZ="America/Los_Angeles" 2025-11-26 17:00'
```

மற்றவர்கள் கைபேசி நாட்காட்டியில் புதிய நிகழ்வு ஒன்றை உருவாக்கி, அதன் நேர மண்டலமாக லாஸ் ஏஞ்சலீஸையோ பசிபிக் நேரத்தையோ தேர்ந்தெடுத்து, அறிவிப்பில் உள்ள தேதியையும் மணியையும் மாற்றாமல் அப்படியே இட்டால் போதும். சேமித்த பிறகு நாட்காட்டி அதை உங்கள் நேரத்தில் காட்டும். நினைவூட்டலும் சரியான நொடியில் ஒலிக்கும். இணையத்தில் நேரம் மாற்றித் தரும் பக்கங்களைப் பயன்படுத்தினால், தேதியையும் சேர்த்துத் தரும்படியான பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். தேதி கேட்காத பக்கம் இன்றைய வேறுபாட்டை வைத்துக் கணக்கிடும். பிப்ரவரியில் உட்கார்ந்து ஏப்ரல் வெளியீட்டைக் கணக்கிட்டால் அது ஒரு மணி நேரம் பிசகும்.

நான்காம் படி: மார்ச், அக்டோபர், நவம்பர்

அந்த ஒரு மணி நேரப் பிசகைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் வாரந்தோறும் வெளியாகும் தொடர்களில் அது பாதி வழியில் வந்து சேரும்.

அமெரிக்காவில் கோடைக்கால நேரம் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது. 2007 முதல் இதுதான் நடைமுறை. ஐரோப்பாவில் அது மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு முடிகிறது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, துபாய் ஆகிய இடங்களில் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. ஆக, அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒரே நாளில் மாறுவதில்லை; சில நாடுகள் மாறுவதே இல்லை.

2026 பிப்ரவரி 22-இல் தொடங்கி, ஞாயிறுதோறும் இரவு 9 மணி ET-க்கு வெளியாகும் பத்து எபிசோட் தொடர் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் இரண்டு எபிசோடுகள் EST காலத்தில் வருகின்றன: 21 உடன் 5-ஐக் கூட்டினால் 26, அதாவது திங்கள் 02.00 யுடிசி. இந்தியாவில் திங்கள் காலை 7.30, துபாயில் காலை 6, லண்டனில் அதிகாலை 2, சிட்னியில் பிற்பகல் 1.

மூன்றாவது எபிசோட் மார்ச் 8. அன்று அதிகாலையில்தான் அமெரிக்கக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டிருக்கும். இரவு 9 மணி ET என்பது இப்போது திங்கள் 01.00 யுடிசி. அறிவிப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் இந்தியாவில் காலை 6.30, துபாயில் காலை 5, லண்டனில் அதிகாலை 1, சிட்னியில் நண்பகல் 12 ஆகிவிட்டது. போன வாரம்போல் ஏழரை மணிக்கு எழுந்து பார்க்கலாம் என்றிருந்தவரிடம் யாராவது முடிவைச் சொல்லிவிட ஒரு மணி நேரம் கிடைத்துவிடுகிறது.

மார்ச் 29 அன்று லண்டனும் தன் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது; அங்கே எபிசோட் மீண்டும் அதிகாலை 2 மணிக்கு வரத் தொடங்கும். லண்டன்காரர் மூன்று வாரம் மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாக விழித்தால் போதும். இந்தியாவிலும் துபாயிலும் புதிய நேரம் நவம்பர் வரை நீடிக்கும். சிட்னியில் ஏப்ரல் 5 அன்று கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரம் பின்னே போகிறது. அங்கே எபிசோட் காலை 11-க்கு வந்துவிடும். ஒரே தொடர், ஒரே அறிவிப்பு; சிட்னி ரசிகருக்கு மட்டும் பிற்பகல் 1, நண்பகல் 12, காலை 11 என்று மூன்று நேரங்கள்.

இலையுதிர் காலத்தில் இதுவே தலைகீழாக நடக்கும். 2026இல் ஐரோப்பா அக்டோபர் 25 அன்றும், அமெரிக்கா நவம்பர் 1 அன்றும் பின்னே தள்ளுகின்றன. நடுவில் உள்ள ஒரு வாரம் லண்டன் ரசிகர்களுக்குக் குழப்பமான வாரம். நவம்பர் 1-க்குப் பிறகு, கடிகாரம் மாறாத நாடுகளில் எல்லா அமெரிக்க வெளியீடுகளும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்: நெட்ஃபிளிக்ஸின் பசிபிக் நள்ளிரவு இந்தியாவில் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. ஜப்பானும் தென் கொரியாவும் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால், அங்கிருந்து வரும் அனிமேக்கும் கொரியத் தொடருக்கும் இந்த மார்ச் மாதத் தொல்லை இல்லை.

ஐந்தாம் படி: நள்ளிரவு யாருடைய நாள்?

“Friday, 12 a.m.” என்றால் வெள்ளிக்கிழமை தொடங்கும் நொடி. நாம் பேச்சில் வியாழன் இரவு என்று சொல்லும் இரவின் நடுப்புள்ளி அது. தமிழில் “வெள்ளி இரவு 12 மணி” என்று மொழிபெயர்த்துவிட்டால், படிப்பவர் வெள்ளிக்கிழமை முழுவதையும் கழித்துவிட்டுத்தான் காத்திருக்கத் தொடங்குவார். ஒருமுறை கருவி ஒன்றின் முன்பதிவுக்காக நானே இப்படி வெள்ளி இரவு கண் விழித்திருந்தேன். பக்கம் திறந்தபோது முன்பதிவு தொடங்கி ஒரு நாள் ஆகியிருந்தது. நான் விரும்பிய நிறம் தீர்ந்தும் போயிருந்தது. அதன் பிறகு 12 a.m. என்று எங்கே கண்டாலும், அதை அந்தத் தேதியின் 00.00 என்று எழுதிக்கொண்ட பிறகே கணக்கைத் தொடங்குகிறேன். 12 p.m. என்பது நண்பகல் 12.00, இதை நள்ளிரவு என்று எடுத்துக்கொள்பவர்களும் குறைவல்லர்.

நம் பேச்சு வழக்கில் அதிகாலை இரண்டு மணியையும் “ராத்திரி ரெண்டு மணி” என்று முந்தைய நாளின் கணக்கிலேயே சேர்க்கிறோம். நண்பருக்குச் செய்தி அனுப்பும்போது, “வியாழன் இரவு கழிந்து வெள்ளி அதிகாலை 2 மணி” என்று இரண்டு கிழமைகளையும் சொல்லிவிடுவது நல்லது. ஜப்பானியத் தொலைக்காட்சி இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது: நள்ளிரவுக்குப் பிறகும் மணியை எண்ணிக்கொண்டே போகிறது. சனிக்கிழமை 25:30 என்று அனிமே அட்டவணையில் இருந்தால் அது அச்சுப்பிழை அல்ல. ஞாயிறு அதிகாலை 1.30 என்று பொருள். ஜப்பான் யுடிசிக்கு 9 மணி நேரம் முன்னே இருப்பதால், 25:30-இலிருந்து 9-ஐக் கழித்தால் சனி 16.30 யுடிசி, இந்தியாவில் சனி இரவு 10 மணி. அது அங்குள்ள ஒளிபரப்பு நேரம் என்பதையும், ஸ்ட்ரீமிங் அதற்குச் சற்றுப் பின்னர் வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆறாம் படி: பகிரப்பட்ட படங்களை நம்பும் முன்

யூடியூப் நேரலைப் பக்கம் தொடங்கும் நேரத்தை உங்கள் கருவியின் நேரத்துக்கு மாற்றியே காட்டுகிறது. அதைப் பக்கத்தில் நேரடியாகப் பார்த்தால் சரி. அதையே யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் பகிர்ந்தால், அதில் உள்ள மணி அவருடைய ஊரின் மணி. மண்டலத்தின் பெயர் பெரும்பாலும் படத்தில் இருக்காது. கீழே இறங்கிக்கொண்டிருக்கும் கவுண்ட்டவுன் படமும் அப்படியே. அது எப்போது பிடிக்கப்பட்டது என்று தெரியாவிட்டால் பயனில்லை. அமெரிக்க அறிவிப்பில் “9/12” என்பது செப்டம்பர் 12. மாதம் முதலில் வரும். அதை டிசம்பர் 9 என்று படித்துவிட்டு மூன்று மாதம் காத்திருப்பவர்களும் உண்டு.

நேரம் வந்தும் வராவிட்டால்

சொன்ன நேரத்தில் எபிசோட் தெரியாவிட்டால், முதலில் செயலியை முழுவதுமாக மூடித் திறந்து, முகப்பில் தேடாமல் தொடரின் சொந்தப் பக்கத்துக்கே செல்லுங்கள். முகப்பில் உள்ள பட்டியல் புதுப்பிக்கப்படச் சில நிமிடங்கள் பிடிக்கலாம். பத்து நிமிடம் கழித்தும் இல்லையென்றால் உங்கள் கணக்கைச் சந்தேகப்படுங்கள். பிழை எங்கே என்பதைப் பெரும்பாலும் பிழையின் அளவே காட்டிக்கொடுக்கும்.

சரியாக ஒரு மணி நேரம் கழித்து வந்தால், கோடைக்கால நேரத்தைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள். அரை மணி நேரம் பிசகினால், உங்கள் மண்டலத்தின் ஐந்தரையை ஐந்து என்றோ ஆறு என்றோ கூட்டியிருக்கிறீர்கள். நேபாளத்தில் இருப்பவர்களுக்கு இதுவே முக்கால் மணி நேரமோ கால் மணி நேரமோ ஆகும். மூன்று மணி நேரம் என்றால் ET, PT இரண்டையும் மாற்றிப் படித்திருக்கிறீர்கள். பன்னிரண்டு மணி நேரம் என்றால் a.m., p.m. குழப்பம். சரியாக ஒரு நாள் என்றால் யுடிசிக்கு மாற்றும்போது தேதியைத் தள்ள மறந்திருக்கிறீர்கள், அல்லது நள்ளிரவைத் தவறான கிழமையில் வைத்திருக்கிறீர்கள். இவற்றில் எதுவுமில்லாமல் 17 நிமிடம், 40 நிமிடம் என்று ஒழுங்கற்ற தாமதமாக இருந்தால் உங்கள் கணக்கு சரி, தாமதம் அவர்களுடையது.